சுவரோரத்து ஏழு சென்டிமீட்டர்

புதுவீட்டுக்குப் போகிறவர்கள் தரையைப் பார்த்ததும் நிறத்தைச் சொல்வார்கள், பளபளப்பைச் சொல்வார்கள், என்ன விலை என்று கேட்பார்கள். டைல்ஸ் வேலை தெரிந்த ஒருவர் உள்ளே வந்தால் அவர் கண் நேராகச் சுவரோரத்துக்குப் போகும். ஒரு கோடியில் முழு டைல் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, எதிர்க்கோடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வரிசை ஓடினால், இந்த அறையில் டைல்ஸை அளந்து போடவில்லை, ஒரு மூலையில் ஆரம்பித்து இடம் தீரும்வரை போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மூலையில் ஆரம்பிப்பது மேஸ்திரிக்குச் சுலபம். கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. முழு டைல் வைத்தாலும் துண்டு வெட்டி வைத்தாலும் சதுர அடிக்கு ஒரே காசுதான். வெட்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் வேலை முடியும். “அந்த ஓரத்துல சோஃபா வந்துரும் சார், தெரியாது” என்று அவர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கே ஆரம்பிப்பது என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே பேசிவைத்துவிட வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு சின்னக் கணக்கு.

ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளம் 4.90 மீட்டர், அகலம் 3.40 மீட்டர்; ஏறக்குறைய பதினாறு அடிக்குப் பதினோரு அடி. டைல், எல்லோரும் வாங்குகிற ‘ரெண்டுக்கு ரெண்டு’. அதன் அளவு உண்மையில் இரண்டடி இல்லை, 60 செ.மீ. மட்டுமே, இரண்டடி என்றால் கிட்டத்தட்ட 61. எட்டு டைல் வரிசையில் இந்த வித்தியாசம் ஏழெட்டு செ.மீ. ஆகிவிடும் என்பதால் அடிக்கணக்கில் மனக்கணக்குப் போடக் கூடாது. இரண்டு டைலுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி. ஆக, ஒரு டைல் பிடிக்கிற இடம் 60.2 செ.மீ. சுவரைத் தொடாமல் நாலு பக்கமும் அரை செ.மீ. விட்டுவிடுகிறோம்; ஸ்கர்ட்டிங் வந்து அதை மறைத்துவிடும்.

நீளவாக்கில் எட்டு முழு டைல் போனபின் மீதி 7.4 செ.மீ. அந்த நாலு விரல் துண்டு இப்படித்தான் பிறக்கிறது. அகலவாக்கில் ஐந்து முழு டைலும் 38 செ.மீ. மீதியும் வரும். மூலையில் ஆரம்பித்தால் அறையின் ஒரு சுவரோரம் 7.4 செ.மீ. துண்டு, இன்னொரு சுவரோரம் 38 செ.மீ. துண்டு, மற்ற இரண்டு சுவர்களை ஒட்டி முழு டைல் என்று அமையும்.

இதை மாற்ற ஒரே வழிதான். வந்த மீதியோடு ஒரு முழு டைலைச் சேர்த்து, அதை இரண்டாகப் பங்கிட்டு, எதிரெதிர்ச் சுவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். நீளவாக்கில் 7.4 உடன் 60 சேர்த்தால் 67.4, பாதி 33.7. நடுவில் ஏழு முழு டைல், இரு கோடியிலும் 33.7 செ.மீ. துண்டு. அகலவாக்கில் 38 உடன் 60, மொத்தம் 98, பாதி 49. நடுவில் நாலு முழு டைல், இருபுறமும் 49. எந்த அறைக்குப் போட்டாலும் இந்தக் கணக்கில் துண்டு அரை டைலுக்குக் கீழே இறங்காது; மீதி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதனுடன் ஒரு முழு டைல் சேர்ந்துவிடுகிறதே!

நடுவிலிருந்து போட வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. அது சரிதான், ஆனால் பாதிதான். அறையின் மையக்கோட்டில் டைலின் நடு வரவேண்டுமா, இரண்டு டைலுக்கு இடையிலுள்ள ஜாயின்ட் வரவேண்டுமா என்பதைச் சொல்லாவிட்டால் நடுவிலிருந்து போட்டும் அறை கெடும். நம் ஹாலின் நீளவாக்கில் மையக்கோட்டில் ஜாயின்ட் வைத்து ஆரம்பித்தால் இரு கோடியிலும் நாலு செ.மீ.கூட இல்லாத துண்டு வந்து நிற்கும். மூலையில் ஆரம்பித்ததைவிட மோசம். மேலே சொன்ன கணக்கு இதையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறது. நடுவில் வரும் முழு டைல்கள் ஒற்றைப்படையானால் மையத்தில் டைல், இரட்டைப்படையானால் மையத்தில் ஜாயின்ட். ஆகவே நம் ஹாலில் நீளவாக்கில் டைலின் நடுவும் அகலவாக்கில் ஜாயின்ட்டும் மையத்தில் விழும்.

சின்னத் துண்டை ஏன் இவ்வளவு வெறுக்க வேண்டும்? அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் சுவர்கள் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதில்லை. பூச்சு முடிந்தபின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இரண்டு, மூன்று செ.மீ. வித்தியாசம் இருப்பது சாதாரணம். டைல் வரிசை நேராக ஓடும், சுவர் சாய்ந்து ஓடும். இந்த வித்தியாசத்தைச் சுவரோரத் துண்டுதான் தாங்க வேண்டும். சுவர் 3 செ.மீ. சாய்ந்திருந்தால் 7.4 செ.மீ. துண்டு வரிசை மறுமுனையில் 4.4 ஆகச் சுருங்கும். பாதிக்குப் பாதி இளைத்துப்போன அந்த ஆப்பு வடிவத்தைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதே 3 செ.மீ. 33.7-இல் குறைந்தால், அளவு நாடா வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெட்டும்போதும் ஒல்லித் துண்டுகள்தான் உடையும். அடியில் கலவை சரியாகப் பரவாமல், தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கொடுப்பதும் பெரும்பாலும் அவைதான்.

சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதை ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம். நீளத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மூன்று தடவை அளக்க வேண்டும், அகலத்தையும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. நம் ஹால் சரியான செவ்வகமானால் இரண்டு குறுக்களவும் 5 மீட்டர் 96 செ.மீ. வாக்கில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் எந்தச் சுவரை நம்புவது என்று முடிவு செய்ய வேண்டும். தலைவாசலில் நின்றால் கண்ணில் படுகிற நீளச் சுவரை நம்புவது என் பழக்கம். மற்றச் சுவர்களின் கோணல் துண்டுகளில் கரையட்டும்.

அந்தச் சுவருக்கு இணையாக அறையின் நடுவே சாயப்பொடி தோய்த்த நூலைப் பிடித்துச் சுண்டி ஒரு கோடு போட வேண்டும். அதற்குக் குறுக்கே இரண்டாவது கோடு. இந்த இரண்டாவது கோட்டைச் சுவரைப் பார்த்துப் போடக் கூடாது. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒன்றில் மூன்றடி, மற்றதில் நாலடி குறித்து, அந்த இரண்டு குறிக்கும் நடுவே சரியாக ஐந்தடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடமிருந்தால் நாலரை, ஆறு, ஏழரை என்று பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. மூலைமட்டத்தின் சின்னக் கை சொல்லாத பிழையை நீளமான அளவு சொல்லிவிடும். அதன்பின், கலவை குழைப்பதற்கு முன்னால், இரண்டு கோட்டையும் ஒட்டி ஒவ்வொரு வரிசை டைலை ஸ்பேசரோடு சும்மா அடுக்கிப் பார்த்துவிட வேண்டும். அரைமணி நேர வேலை. காகிதக் கணக்கில் தப்பியது ஏதாவது இருந்தால் இதில் மாட்டிக்கொள்ளும்.

ஜாயின்ட் பற்றி இரண்டு வார்த்தை. ‘ஜாயின்ட் ஃப்ரீ’ என்று சொல்லி இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போடுவது இன்னும் நடக்கிறது. கோடு தெரியாமல் ஒரே பளிங்குத் தரையாக இருக்கும் என்பது ஆசை. ஆனால் ஒரே பெட்டியிலுள்ள டைல்களே அளவில் இம்மி இம்மியாக வேறுபடும். டைலுக்கு அரை மி.மீ. கூடினால் எட்டாவது டைலில் 4 மி.மீ. தள்ளிப்போயிருக்கும், பக்கத்து வரிசையின் கோட்டோடு அது சேராது. நாலு டைல் மூலைகள் கூடுகிற இடத்தில் கூட்டல் குறி உடைந்து, ஒரு கால் நகர்ந்து நிற்கும். 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு ஜாயின்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொள்ளும். மூன்று வரிசைக்கு ஒரு முறை நூல் பிடித்துப் பார்த்தால் போதும்.

நெருக்கிப் போட்ட தரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வெயிலில் தரை விரியும்போது தள்ள இடமில்லாமல் நடு அறையில் இரண்டு டைல்கள் ஒன்றையொன்று முட்டி, ‘படார்’ என்று மேலே எழும்பும். சுவரோரம் அரை செ.மீ. விடுவதும் இதற்காகத்தான். அந்த இடத்தில் சிமென்ட்டை அடைத்துவிட்டால் விட்டதற்குப் பலனில்லை.

நாலுக்கு இரண்டு டைலைச் செங்கல் கட்டுமானம்போலப் பாதிக்குப் பாதி தள்ளிப் போட ஆசைப்படுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீளமான டைல் நடுவில் இம்மியளவு வளைந்திருக்கும். ஒன்றின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இன்னொன்றின் நுனி வந்தால் காலில் இடறுகிற மேடு உண்டாகும்.

சரி, நடுவிலிருந்து போட்டால் டைல்ஸ் நிறைய வீணாகும் என்கிறார்களே? எண்ணிப் பார்த்துவிடுவோம்.

மூலையில் ஆரம்பித்தால் முழு டைல் 40. ஒரு நீளச் சுவரோரம் 38 செ.மீ. துண்டு எட்டு வேண்டும். துண்டுக்கு ஒரு டைல் வீதம் எட்டு. எதிர்க்கோடியில் வரும் ஒல்லித் துண்டுகளை அந்த எட்டு டைலின் மிச்சத்திலேயே வெட்டிக்கொள்ளலாம். மொத்தம் 48 டைல். பெட்டிக்கு நாலு வீதம் பன்னிரண்டு பெட்டி. மிகச் சிக்கனம்தான்.

மீதியைப் பங்கிட்டுப் போட்டால் முழு டைல் 28. நீளச் சுவர்களை ஒட்டி 14, குட்டைச் சுவர்களை ஒட்டி 8, மூலைகளுக்கு 4. எல்லாத் துண்டும் அரை டைலுக்கு மேல் என்பதால் ஒரு டைலிலிருந்து இரண்டு துண்டு எடுக்க முடியாது. மொத்தம் 54. ஆறு டைல் கூடுதல். வெட்டுகளும் 14-லிருந்து 26 ஆகிவிடுகின்றன. இதோடு நிறுத்தினால் மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

ஆனால் ஸ்கர்ட்டிங் இன்னும் போடவில்லையே. அதற்கு வேண்டியது 10 செ.மீ. உயரப் பட்டை. 60-இல் 49-ஐ வெட்டியபின் மிஞ்சுவது 11 செ.மீ.; கட்டர் பிளேடு தின்றது போக ஒரு ஸ்கர்ட்டிங் பட்டை அப்படியே கிடைக்கிறது. அப்படிப் பதினாலு. மற்றப் பன்னிரண்டு வெட்டிலும் 26 செ.மீ. அகல மிச்சம், அதிலும் தலைக்கு ஒரு நல்ல பட்டை. ஆக 26 பட்டை. எல்லாவற்றிலும் ஒரு விளிம்பு கம்பெனி விளிம்பாகவே இருப்பதால் அதை மேலே காட்டி, வெட்டிய விளிம்பைத் தரைப் பக்கம் வைத்துவிடலாம். ஹாலின் சுற்றளவு 16.6 மீட்டர்; தலைவாசலுக்கும் உள்ளே போகும் வழிக்குமாக இரண்டேகால் மீட்டர் கழித்தால் ஏறத்தாழ 24 பட்டை போதும். ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக டைலே வேண்டாம். மூலையில் ஆரம்பித்த அறையிலோ உருப்படியாக மிஞ்சுவது ஐந்து பட்டைதான். மீதிக்கு இன்னும் நாலு முழு டைலை அறுக்க வேண்டும். ஆக அது 52, இது 54. ஹால் முழுவதற்கும் வித்தியாசம் இரண்டு டைல், அதாவது அரைப் பெட்டி.

இதனால்தான் பரப்பை அளந்து பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள் என்ற கடைக்காரர் சூத்திரத்தை நான் முழுதாக நம்புவதில்லை. இந்த ஹாலின் தரைப்பரப்போடு பத்து சதவீதம் சேர்த்தால் 13 பெட்டி, 52 டைல் வரும். ஒன்றுகூட உடையாவிட்டால்தான் மூலை வேலைக்கே அது காணும். ஒரு தாளில் கட்டம் போட்டு டைலை எண்ணிவிட்டால் 14 பெட்டி என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒரு பெட்டி வாங்கிப் பரணில் போட்டுவைக்கலாம்; பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் மாறினால் பிற்பாடு அதே நிறம் கிடைப்பது சந்தேகம். கூடுதலான பன்னிரண்டு வெட்டுக்கு மேஸ்திரியிடம் தனிக்கூலி பேசிக்கொள்வதும் நியாயம்.

வெட்டும்போது கவனிக்க ஒன்றுண்டு. துண்டின் வெட்டிய பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும், அடுத்த டைலை ஒட்டி வரக் கூடாது. ஸ்கர்ட்டிங்கின் ஜாயின்ட்டும் தரையின் ஜாயின்ட்டும் ஒரே கோட்டில் ஏறினால் வேலை சுத்தமாகத் தெரியும்.

எல்லா அறைக்கும் இந்தப் பங்கீடு வேண்டியதில்லை. படுக்கையறையில் ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் பீரோ. வாசல் பக்கம் முழு டைல் வைத்து ஆரம்பித்து, துண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சமையலறையில் மேடைக்குக் கீழே போவதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு சுவரும் ஒரே பார்வையில் தெரிகிற குறுகலான நடையில்தான் பங்கீடு கட்டாயம்.

அறைக்கு அறை வேறு வேறாக ஆரம்பித்தால் கதவடியில் என்ன ஆகும்? ஹாலின் கோடும் படுக்கையறையின் கோடும் ஒன்றையொன்று பார்க்காமல் போகும். கதவடியில் பட்டி எதுவும் வைக்காமல் தரையை ஒரே சமமாக ஓடவிடுவதென்றால், ஹாலில் போட்ட அதே நூலை வீடு முழுக்கக் கொண்டுபோக வேண்டும். அப்போது ஏதாவது ஓர் அறையில் ஒல்லித் துண்டு வந்தே தீரும். கதவு மூடியிருக்கும்போது அதன் பலகைக்கு நேர் கீழே வருகிறமாதிரி ஒரு கிரானைட் பட்டியைப் பதித்துவிட்டால், அந்தப் பக்கம் வேறு கணக்கு, இந்தப் பக்கம் வேறு கணக்கு. எனக்குப் பட்டிதான் பிடிக்கும். நிறம் மாறுகிற இடத்தில் கோடு மாறினால் கண் கேள்வி கேட்பதில்லை.

இனி பார்டர். சுவரை ஒட்டியே கறுப்பாகப் பட்டை ஓட்டுவது நம் ஊரில் பலரும் செய்வது, அது எனக்கு உடன்பாடில்லை. சுவரின் கோணலை அடிக்கோடிட்டுக் காட்டுகிற வேலையைத்தான் அது செய்கிறது. கோணல் இல்லாத இடங்களிலோ சோஃபாவும் அலமாரியும் அதை மறைத்துவிடும். பார்டர் சுவரைவிட்டு உள்ளே தள்ளி ஓட வேண்டும். வெளிப்புறத்தில் வெட்டுத் துண்டுகளாலான ஓரம், அடுத்து பார்டர், அதற்குள்ளே வெட்டே இல்லாத முழு டைல்கள்.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். நம் ஹாலில் ஏழுக்கு நாலு முழு டைலைச் சுற்றி 10 செ.மீ. பார்டர் ஓட்டினால் குட்டைச் சுவர்ப் பக்கம் ஓரம் 23.5 செ.மீ., நீளச் சுவர்ப் பக்கம் 39 செ.மீ. வருகிறது. இரண்டும் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் சந்திப்பதால் பதினைந்து செ.மீ. வித்தியாசம் உறுத்தும். நாலு பக்கமும் ஓரம் ஒன்றாக இருக்க வேண்டுமானால், அறையின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து வருவது முழு டைல்களின் எண்ணிக்கைக்கு ஒத்துவர வேண்டும். நம் ஹாலில் அது 1.50 மீட்டர். இரண்டு டைல் என்றால் 1.20, மூன்று என்றால் 1.80. இரண்டுக்கும் நட்டநடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. டைலை எப்படி நகர்த்தினாலும் தீராது. பார்டர் டிசைன் பார்க்கப் போகுமுன் இந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

டைல் சின்னதானால் சிக்கலும் சின்னதாகும். இதே ஹாலில் பத்து அங்குல ஆத்தங்குடி டைல் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு டைல் 1.52 மீட்டர். நமக்கு வேண்டிய 1.50-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை இரு பக்கத்துக்கும் பிரித்தால் ஓரங்களுக்கிடையே ஒரு செ.மீ. சொச்சம்தான் வேறுபாடு. செட்டிநாட்டு வீடுகளில் பூவேலை பார்டர்கள் அறையோடு இயல்பாகப் பொருந்துவதற்குச் சின்ன டைல் ஒரு பெரிய காரணம்.

இரண்டடி டைலில்தான் வேண்டும், பார்டரும் வேண்டும் என்கிறவர்கள் அதைச் சுவரோடு சம்பந்தப்படுத்தாமல், அறையின் நடுவே உட்காரும் இடத்தைச் சுற்றிக் கம்பளம் விரித்த அளவுக்கு மட்டும் போடலாம். ஐந்துக்கு மூன்று டைலைச் சுற்றிப் போட்டால் பார்டருக்கும் சுவருக்கும் இடையே ஒரு பக்கம் எண்பத்தைந்து செ.மீ., ஒரு பக்கம் எழுபது என்று வரும். அதே பதினைந்துதான் வித்தியாசம். ஆனால் அந்த அகலத்தில் சோஃபாவும் டீப்பாயும் வந்து நின்றபின் கண்ணுக்கு அது தட்டுவதில்லை. மூலைகளில் பட்டையை 45 டிகிரி சாய்த்து வெட்டிச் சேர்க்கலாம். பூ வேலை உள்ள பார்டரானால் மூலைக்கென்றே ஒரு சதுர டைல் கேட்டு வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்புகிற இடத்தில் பூ பாதியில் அறுந்துவிடும். சுவரோரமாகப் பார்டர் ஓட்டியிருக்கிற அறையில் வாசல் வந்தால் அதை வாசலுக்குள் மடக்கக் கூடாது. வாசல் இல்லாததுபோல் குறுக்கே நேராக ஓட்டி, கதவடியின் கிரானைட் பட்டிக்கும் அதற்கும் நடுவே மிஞ்சுகிற இடத்தை ஓரத்து டைலாலேயே நிரப்பிவிடுவதுதான் முறை.